தகுதிச் சான்றிதழ்: எப்போது முடிகிறது, எந்த வேலையைத் தடுக்கிறது?

ஒரு தொழிலாளியின் மருத்துவக் கோப்பில் ‘ரிவ்யூ 3/12’ என்று டாக்டர் எழுதியிருக்கிறார். டிசம்பர் 3ஆம் தேதி வரச் சொல்கிறார் என்றுதான் நம்மில் பலரும் நினைப்போம். டாக்டர்களின் குறிப்பு முறையில் அதற்கு மூன்று மாதம் என்று பொருள். ஆண்டின் 12 மாதங்களில் மூன்று என்பதே கணக்கு. அதேபோல 6/52 என்றால் ஆறு வாரம், 5/7 என்றால் ஐந்து நாள். ஜூலை மாதம் எழுதிய அந்தக் குறிப்பைத் தேதியாகப் படித்துவிட்டால், அக்டோபரில் டாக்டரைப் பார்க்க வேண்டியவர் டிசம்பரில் போய் நிற்பார். இடையில் இரண்டு மாதம் அவர் எந்த வேலையைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று யாருக்கும் தெரியாமலே போகும்.

ஆலைக்குள் இருக்கும் மருத்துவ மையத்தில் இந்தக் காகிதங்களையெல்லாம் படித்து, ஒரு கண்காணிப்புப் பதிவேட்டில் ஏற்றும் வேலை பெரும்பாலும் அங்குள்ள செவிலியருடையது. டாக்டர் வாரத்தில் சில நாள் வந்து போவார். சிஸ்டர்தான் தினமும் இருப்பார். பணியில் சேரும்போது எடுத்த பரிசோதனை, ஆண்டுப் பரிசோதனை, கண் பரிசோதனை, செவித்திறன் சோதனை, வெளி மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, விடுப்பு முடிந்து திரும்புகிறவர் கொண்டுவரும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் என்று பல வகைக் காகிதங்கள் வந்து சேரும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு படிவத்தில், ஒவ்வொரு கையெழுத்தில் இருக்கும். இவற்றிலிருந்து அவர் எடுத்துத் தர வேண்டியவை இரண்டே விஷயங்கள்: இந்தத் தகுதி எதுவரை செல்லும்? இவருக்கு எந்த வேலை கூடாது?

சட்டம் இதைச் சும்மா கேட்கவில்லை. போபால் விபத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோது 41சி என்ற பிரிவு சேர்ந்தது. ஆபத்தான செயல்முறைகளில் வேலை செய்பவர்களை அந்த வேலையில் அமர்த்தும் முன் பரிசோதிக்க வேண்டும். பிறகு 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். அவர்களின் உடல்நலப் பதிவேடுகளைச் சரியாகவும் நாள்பட்டுப் போகாமலும் வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்லியது. ஆலை கேன்டீனில் உணவைக் கையாளுபவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஆண்டுதோறும் தனிச் சான்றிதழ் வேண்டும். கிரேன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களுக்குப் பல மாநில விதிகளில் கண் பரிசோதனை தனியாக உண்டு: 45 வயது வரை 12 மாதத்துக்கு ஒரு முறை, அதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அதாவது, ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தகுதிகள் இருக்கலாம். அவை வெவ்வேறு நாளில் முடியலாம்.

பெரும்பாலான பதிவேடுகள் சறுக்குவது இங்கேதான். ஆளுக்கு ஒரு வரி, அதில் பெயர், ‘ஃபிட்’, முடியும் தேதி என்று மூன்று கட்டங்கள் போட்டுவிடுகிறார்கள். பார்க்கத் துப்புரவாக இருக்கும். ஆனால் ஆண்டுத் தகுதி முடியும் நாளும், கண் தகுதி முடியும் நாளும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் பாரம் தூக்கக் கூடாது என்ற தடை முடியும் நாளும் ஒரே கட்டத்தில் அடங்காது. ஏதாவது ஒன்றுதான் அங்கே நிற்கும். மற்றவை காணாமல் போகும்.

ஆகவே பதிவேட்டில் ஆளுக்கு ஒரு வரி கூடாது. ஒரு தகுதிக்கு ஒரு வரி, ஒரு கட்டுப்பாட்டுக்கு ஒரு வரி என்று போட வேண்டும். ஒவ்வொரு வரியிலும் டோக்கன் எண், எந்தக் காகிதத்திலிருந்து எடுத்தது, அந்தக் காகிதத்தில் டாக்டர் எழுதிய அதே வாசகம், தொடங்கும் நாள், முடியும் நாள், முடித்துவைத்த காகிதத்தின் விவரம் ஆகியவை இருந்தால் போதும். பெயரை நம்பிப் பொருத்தக் கூடாது. எம். செல்வம், செல்வம் எம்., செல்வம் முருகன் என்று மூன்று மருத்துவமனைகள் ஒரே ஆளை மூன்று விதமாக எழுதும். ஒரே பிரிவில் இரண்டு செல்வம் இருப்பதும் நம் ஊரில் சாதாரணம்.

டாக்டரின் வாசகத்தை அப்படியே எழுதிவைக்கும் கட்டம் முக்கியமானது. ‘ஆறு வாரம் கனமான பொருளைத் தூக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தால் அதையே எழுத வேண்டும். சுருக்கி ‘லைட் வொர்க்’ என்று மாற்றக் கூடாது. பின்னால் சந்தேகம் வந்தால் கோப்பைத் தேடி எடுக்காமலே அவர் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டும்.

இப்போது ஒரு கோப்பைத் திறந்து பார்ப்போம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட கோப்புதான். ஆனால் இதில் உள்ள சிக்கல் ஒவ்வொன்றும் ஆலைகளில் அன்றாடம் வருவது. டோக்கன் எண் 2147. வயது 46. பிரஸ் ஷாப்பில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். கோப்பில் மூன்று காகிதங்கள் இருக்கின்றன.

முதலாவது ஆண்டுப் பரிசோதனைப் படிவம். பரிசோதனை நடந்த நாள் 10-06-2025. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபின் டாக்டர் கையெழுத்திட்ட நாள் 16-06-2025. ‘ஃபிட், ஓராண்டு செல்லும்’ என்று முத்திரை. எந்த நாளிலிருந்து ஓராண்டு? படிவம் சொல்லவில்லை. இந்த இடத்தில் ஒரு விதியை வைத்துக்கொள்வது நல்லது: தகுதியில் ஐயம் வந்தால் முன்னால் முடியும் நாளை எடு, கட்டுப்பாட்டில் ஐயம் வந்தால் பின்னால் முடியும் நாளை எடு. தகுதி சில நாள் முன்பே முடிந்ததாக வைத்துக்கொண்டால், பரிசோதனை சற்று முன்னதாக நடக்கும், அவ்வளவுதான். தடையைச் சில நாள் முன்பே முடித்துவிட்டால், ஆறாத உடம்போடு ஒருவர் பாரம் தூக்குவார். இரண்டின் விலையும் ஒன்றல்ல. எனவே இங்கே பரிசோதனை நாளிலிருந்தே கணக்கு: ஆண்டுத் தகுதி 09-06-2026 அன்று முடிகிறது. இது முதல் வரி.

அதே படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், கண் பரிசோதனைக் கட்டத்தில் ‘தூரப் பார்வைக்குக் கண்ணாடி, ஓட்டும்போது கட்டாயம்’ என்று இருக்கிறது. இதிலிருந்து இரண்டு வரிகள் வரும். ஒன்று, கண் தகுதி. இவருக்கு வயது 45ஐத் தாண்டிவிட்டது. ஆறு மாத விதி பொருந்தும் மாநிலமாக இருந்தால், கண் தகுதி 09-12-2025இலேயே முடிந்துவிடும், ஆண்டுத் தகுதிக்கு ஆறு மாதம் முன்பே. இன்னொன்று, கண்ணாடி அணிந்துதான் ஓட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு. இதற்கு முடியும் நாள் கிடையாது. முடியும் நாள் எழுதாத கட்டுப்பாடு என்றால், டாக்டர் நீக்கும்வரை நீடிக்கும் கட்டுப்பாடு என்றே கொள்ள வேண்டும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்தில் ‘நாள் குறிப்பிடவில்லை’ என்று எழுத வேண்டும். ஓராண்டு என்று நாமாக ஊகித்துப் போட்டால், ஓராண்டு கழித்து அந்தக் கட்டுப்பாடு யாரும் நீக்காமலே மறைந்துவிடும்.

படிவத்தின் மூன்றாம் பக்கம் செவித்திறன் சோதனை. ‘இயர் பிளக் கட்டாயம், மறுசோதனை 6/12’ என்கிறது குறிப்பு. இது ஜூன் 12 அல்ல, ஆறு மாதம். இயர் பிளக் முடியும் நாள் இல்லாத கட்டுப்பாடு. மறுசோதனைக்கு 09-12-2025. இரண்டையும் ஒரே வரியில், கட்டுப்பாட்டையும் மறுசோதனை நாளையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதலாம். இது நான்காம் வரி.

இரண்டாவது காகிதம் வெளி மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி. குடலிறக்கத்துக்கு 16-09-2025 அன்று அறுவைச் சிகிச்சை. 18-09-2025 அன்று வீடு திரும்பியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில், மருந்துப் பட்டியலுக்குக் கீழே, ‘கனமான பொருள் தூக்கக் கூடாது 3/12, ரிவ்யூ 2/52’. மூன்று மாதம் அறுவைச் சிகிச்சை நாளிலிருந்து என்றால் 15-12-2025, வீடு திரும்பிய நாளிலிருந்து என்றால் 17-12-2025. கட்டுப்பாடு ஆகையால் பிந்திய நாள், 17-12-2025. இது ஐந்தாம் வரி. டிஸ்சார்ஜ் சம்மரி தகுதிச் சான்றிதழ் ஆகாது. அதை வைத்து யாரையும் வேலைக்கு விட முடியாது. ஆனால் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் ஒளிந்திருப்பது அதில்தான். மருந்துச் சீட்டு என்று நினைத்துத் தனியே ஒதுக்கிவிடக் கூடாது.

மூன்றாவது காகிதம் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்ன நாள் காந்தி ஜெயந்தி விடுமுறையில் விழுந்ததால், அவர் 06-10-2025 அன்று டாக்டரைப் பார்த்திருக்கிறார். ‘08-10-2025 முதல் பணிக்குத் திரும்பத் தகுதியானவர், லைட் வொர்க்’ என்று ஒரே வரி. எதுவரை லைட் வொர்க், எது லைட் வொர்க் என்று இல்லை.

அன்று காலை ஷிஃப்ட் சூப்பர்வைசர் மருத்துவ மையத்துக்குப் போன் செய்வார். “சிஸ்டர், ஃபிட்டுன்னு எழுதிக் குடுத்திருக்காங்களாம், வண்டில ஏத்திடலாமா?” இந்தக் கேள்விக்குச் செவிலியர் தானாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. காகிதத்தில் உள்ளதை எடுத்து எழுதுவது அவர் வேலை. பொருள் சொல்வது ஆலை டாக்டரின் வேலை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது உட்கார்ந்து செய்யும் வேலைதான். ஆனால் சரக்கு சரியாக உட்காராதபோது ஓட்டுநர் இறங்கி மரப் பாலெட்டைக் கையால் இழுத்துச் சரிசெய்வார். ஒரு பாலெட்டின் எடை சாதாரணமாக 15 முதல் 25 கிலோ. குடலிறக்க அறுவைக்குப் பின் நான்காம் வாரத்தில் அது லைட் வொர்க் ஆகாது. வெளி மருத்துவமனை டாக்டருக்கு இந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரிய வாய்ப்பில்லை. ஆலை டாக்டருக்குத் தெரியும், அல்லது சிஸ்டர் சொல்லித் தெரிய வேண்டும்.

“டாக்டர், வண்டி ஓட்டலாமா, பாலெட் இழுக்கலாமா, எத்தனை கிலோ, எந்தத் தேதி வரைக்கும்? இந்த நாலையும் எழுதிக் குடுங்க” என்று கேட்டால், பதில் இப்படி வரும்: ‘ஃபோர்க்லிஃப்ட் ஓட்டலாம், கையால் 5 கிலோவுக்கு மேல் தூக்கவோ தள்ளவோ இழுக்கவோ கூடாது, 17-12-2025 வரை, அதன்பின் என்னைப் பார்க்க வேண்டும்.’ இதுதான் கட்டுப்பாடு. ஆறாம் வரியில் ‘லைட் வொர்க், விளக்கம் கேட்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது முடித்துவைக்கப்பட்டு, ஐந்தாம் வரி தெளிவாகிறது.

இப்போது திரும்பிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு வரி போட்டிருந்தால் இவர் பெயருக்கு எதிரே ‘ஃபிட், 09-06-2026 வரை’ என்று மட்டும் இருந்திருக்கும். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் டிசம்பரில் முடியும் கண் தகுதி, வர வேண்டிய செவிச் சோதனை, பாரம் தூக்கத் தடை ஆகிய மூன்றும் அதில் இல்லை.

பதிவேட்டை எக்செல்லில் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டாக்டரின் வாசகத்தை எழுதும் கட்டத்தில் வெறும் 6/52 என்று தட்டிப் பாருங்கள். எக்செல் அதை 1952ஆம் ஆண்டு ஜூன் மாதம் என்று மாற்றிவிடும். 3/12 என்று தட்டினால் கணினியின் அமைப்பைப் பொறுத்து டிசம்பர் 3 ஆகும், அல்லது மார்ச் 12 ஆகும். தட்டியவர் கவனிக்காவிட்டால் மூலக் குறிப்பே அழிந்துவிடும். ஆகவே அந்தக் கட்டம் முழுவதையும் முதலிலேயே `Text` என்று மாற்றிவிட வேண்டும். தேதிக் கட்டங்களில் மாதத்தை எழுத்தில் காட்டும்படி `dd-mmm-yyyy` என்று வைத்தால், நாளும் மாதமும் இடம் மாறியிருப்பது கண்ணில் படும். பரிசோதனைக் கூட இயந்திரங்கள் சில, மாதத்தை முன்னால் போட்டு அச்சிடுவதால் இது அவசியம்.

முடியும் நாளைக் கையால் கணக்கிட வேண்டாம். தொடங்கும் நாள் `F` கட்டத்திலும், முடியும் நாள் `H` கட்டத்திலும் இருப்பதாகக் கொண்டால், முதல் வாய்பாடு 12 மாதத் தகுதிக்கு, இரண்டாவது ஆறு வாரக் கட்டுப்பாட்டுக்கு, மூன்றாவது இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று பார்க்க:

```
=EDATE(F2,12)-1
=F2+6*7-1
=IF(H2="","தேதி இல்லை",H2-TODAY())
```

கடைசி வாய்பாட்டில் வெறுமையான கட்டத்துக்குத் தனிப் பதில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால் வெறுமையை எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, பல்லாயிரம் நாள் முன்பே முடிந்துவிட்டதாகக் காட்டும். பார்ப்பவர் அதைப் பழைய கணக்கு என்று நினைத்து அழித்துவிடுவார்.

மிச்சம் 30 நாள் இருக்கும்போதே பரிசோதனைக்கு நாள் குறிக்க வேண்டும். டாக்டர் வரும் நாள், செவிச் சோதனைக் கருவி வரும் நாள், தொழிலாளியின் இரவு ஷிஃப்ட் ஆகிய மூன்றும் ஒத்துவர அவ்வளவு அவகாசம் தேவைப்படும். கட்டுப்பாட்டு வரிகளுக்கு இதில் ஒரு வேறுபாடு உண்டு. தகுதியின் நாள் முடிந்தால் ஆளை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். கட்டுப்பாட்டின் நாள் முடிந்தால் தானாக விடுவிக்கக் கூடாது. டாக்டர் பார்த்து எழுதிய காகிதம் வந்த பிறகே வரியை முடிக்க வேண்டும். புதிய ஆண்டுச் சான்றிதழ் வந்து, அதில் பழைய தடையைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால், தடை நீங்கிவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. புதிய டாக்டர் பழைய காகிதத்தைப் பார்க்காமலேயே கையெழுத்திட்டிருக்கலாம். கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

இந்தப் பதிவேடு யார் கண்ணுக்குப் போகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டியது டோக்கன் எண்ணும், எது கூடாது என்பதும், எதுவரை என்பதும் மட்டுமே. ஒருவருக்கு வலிப்பு நோய் இருந்தால், ‘உயரத்தில் வேலை கூடாது, ஓடும் இயந்திரத்தின் அருகே கூடாது, வண்டி ஓட்டக் கூடாது’ என்ற மூன்றும் அவருக்குப் போதும். நோயின் பெயர் அந்தத் தாளில் ஏறினால், அது கேன்டீன் வரை போய்ச் சேரும்; அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்லிச் சிகிச்சைக்கு வர மாட்டார்கள். ஆகவே நோய் விவரம் மருத்துவ மையத்தின் கோப்போடு நிற்கட்டும். சூப்பர்வைசருக்குப் போகும் பட்டியலைத் தனித் தாளாக எடுத்துக் கொடுக்க வேண்டும். எக்செல்லில் ஒரு கட்டத்தை மறைத்துவைத்து அனுப்புவது பாதுகாப்பு ஆகாது. அடுத்தவர் ஒரே கிளிக்கில் திறந்துவிடுவார்.

பதிவேடு கெட்டிருப்பதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. நூறு பேருக்கு ஒரே நாளில் தகுதி முடிவதாக இருந்து, அவர்கள் ஒரே முகாமில் பரிசோதிக்கப்படவில்லை என்றால், யாரோ முதல் கட்டத்தைக் கீழே இழுத்து நிரப்பியிருக்கிறார்கள். முடியும் நாள் கட்டத்தில் ஒரு வெறுமைகூட இல்லை என்றால், டாக்டர் எழுதாததை யாரோ ஊகித்து எழுதியிருக்கிறார்கள். பல நூறு பேர் வேலை செய்யும் ஆலையில் கட்டுப்பாட்டு வரி ஒன்றுமே இல்லை என்றால், எல்லோரும் நலமாக இருப்பதால் அல்ல. முதல் பக்கத்தை மட்டும் படித்திருப்பதால். மாதம் ஒரு முறை பத்துக் கோப்புகளை எடுத்து, பதிவேட்டில் ஏற்றாத வேறொருவர் காகிதத்தையும் வரியையும் ஒப்பிட வேண்டும். வருகைப் பதிவில் இருந்து பதிவேட்டில் இல்லாத டோக்கன் எண்களையும் தேட வேண்டும். அப்படி விடுபடுபவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களே அதிகம் இருப்பார்கள். அவர்களின் காகிதம் கான்ட்ராக்டரின் அலுவலகத்தில் கிடக்கும். ஆள் மட்டும் இங்கே வேலை செய்வார்.

தொழிலாளியாக இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விடுப்பு முடிந்து திரும்பும்போது டாக்டரிடம் ‘ஃபிட்’ என்ற முத்திரையோடு திரும்பிவிடாதீர்கள். நீங்கள் செய்யும் வேலை என்ன, எத்தனை கிலோ தூக்குகிறீர்கள், எவ்வளவு உயரம் ஏறுகிறீர்கள், இரவு ஷிஃப்ட் உண்டா என்று அவரிடம் சொல்லுங்கள். எந்த வேலை கூடாது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று முழுத் தேதியாக எழுதி வாங்குங்கள். ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொண்டு, மூலத்தை மருத்துவ மையத்தில் கொடுங்கள். ஆபத்தான செயல்முறைகளில் வேலை செய்பவர்கள் தங்கள் உடல்நலப் பதிவேட்டைப் பார்க்க முடிய வேண்டும் என்று அதே 41சி பிரிவு சொல்லியிருந்தது. ஆண்டுக்கு ஒரு முறையாவது போய், உங்கள் டோக்கன் எண்ணுக்கு எதிரே எத்தனை வரிகள் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள்.